புதுப் போனில் பழைய நடைக்கணக்கு: ஐகிளவுடா, கணினி பேக்கப்பா?

ஆப்பிள் வாட்சைப் புதுப் போனோடு இணைத்ததும் ஹெல்த் ஆப் காலியாகக் கிடந்தால், குற்றம் வாட்சின் மேல் இல்லை. பல ஆண்டு நடைக்கணக்கும் இதயத் துடிப்புப் பதிவும் பழைய ஐபோனில்தான் இருக்கின்றன. அன்பேர் செய்யும்போது வாட்ச் அழிக்கப்பட்டுவிடும். அதனால் மீட்பு என்பது போனிலிருந்து போனுக்குத்தான்.

அதற்கு இரண்டு வழிகள்: ஐகிளவுடில் ஹெல்த்தை ஒத்திசைப்பது, அல்லது கணினியில் எடுத்த பேக்கப்பைப் புதுப் போனில் இறக்குவது. என் ஓட்டு ஐகிளவுடுக்கு. நானும் அப்படித்தான் மாறினேன்.

காரணம் ஒன்றே ஒன்று: ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் போனிலும் அது வேலை செய்யும். புதுப் போனைப் பத்து நாளாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று வையுங்கள். வங்கி ஆப்கள் எல்லாம் அமைத்தாயிற்று, புது நடைக்கணக்கும் சேர்ந்துவிட்டது. இப்போது பேக்கப்பை இறக்கினால் போனில் இருப்பது துடைக்கப்பட்டு, பழையது அதன் இடத்தில் வந்து உட்காரும். அந்தப் பத்து நாள் கணக்கும் அதோடு போய்விடலாம். ஐகிளவுட் அப்படி எதையும் துடைக்காது. பழைய பதிவுகளைப் புதியவற்றோடு சேர்த்துவிடும்.

இதற்குப் பழைய போன் அழியாமல் கையில் இருக்க வேண்டும். அதில் Settings-இல் உங்கள் பெயரைத் தொட்டு, iCloud-க்குள் Health-ஐ இயக்குங்கள். புதுப் போனிலும் அதே கணக்கில் அதையே செய்யுங்கள். இரண்டையும் வைஃபையில், சார்ஜில் போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். முதலில் அண்மை நாட்கள் மட்டும் தெரிந்தால் பதற வேண்டாம். பல ஆண்டுப் பதிவு நிதானமாகத்தான் இறங்கும். முடிந்ததா என்று அறிய, இரு போன்களிலும் Steps பக்கத்தின் அடியில் உள்ள Show All Data-வைத் திறந்து, மிகப் பழைய தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அது பொருந்தும்வரை பழைய போனை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதிலிருக்கும் பதிவுகளைத் தனியாக அழிக்கவும் வேண்டாம், அழித்தால் புதுப் போனிலும் போய்விடும்.

கணினி வழி மோசம் என்று சொல்லமாட்டேன். புதுப் போனை இன்னும் அமைக்கவில்லை, உடல்நலத் தகவலை இணையத்தில் ஏற்றவும் மனமில்லை என்றால் அதுவே சரி. ஆனால் பேக்கப் எடுக்கும்போது Encrypt local backup பெட்டியில் டிக் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம், குறுஞ்செய்தியெல்லாம் வரும். ஹெல்த் வராது. அதற்கு வைத்த கடவுச்சொல்லை மறந்துவிட்டால் அந்த பேக்கப்பைத் திறக்கவே முடியாது.

Export All Health Data கொடுத்தால் கிடைக்கும் ஜிப் கோப்பை மூன்றாவது வழியாகப் பலர் நம்புகிறார்கள். அது பார்த்துவைக்க மட்டுமே; திரும்ப ஏற்ற ஹெல்த் ஆப்பில் வசதி கிடையாது. அதைச் செய்துதரும் வேறு ஆப்கள் உண்டு. நான் அவற்றைப் பயன்படுத்தியதில்லை, அதனால் சிபாரிசு செய்யவும் மாட்டேன். ஒன்று மட்டும்: அப்படி ஏற்றிய நடைக்கணக்கு, வாட்சின் பெயரில் அல்லாமல் அந்த ஆப்பின் பெயரில்தான் பதிவாகும்.