ஒப்புதல் வரிசைக்கு ஒரு பக்கத் தாள்: இரண்டு வருட அனுபவம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோல் என் வேலை. செயல்முறைக் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் நாலு கையெழுத்து வேண்டும்: தயாரித்தவர், சரிபார்த்தவர், கியூ.ஏ., பிளான்ட் மேனேஜர். யார், எதை, எப்போது ஒப்புக்கொண்டார் என்பதை எக்செல்லில் ஒரே பக்கமாகச் சுருக்கி வைக்கிறேன்.

முதலில் ஃபைலில் இருக்கும் கையெழுத்துகளைப் பார்த்துத்தான் வரிசை போட்டேன். அது தப்பு. இருப்பதை எழுதினால் இல்லாதது எப்படித் தெரியும்? இப்போது நாலு படியையும் முதலிலேயே எழுதிவிட்டு, ஃபைலைப் பார்த்துத் தேதியை நிரப்புகிறேன். காலியாக நிற்கும் கட்டமே விடுபட்ட கையெழுத்து.

போன ஜூனில் ஒரு குறிப்பு வந்தது, ரிவிஷன் 4. கியூ.ஏ. காகிதத்தில் 12ஆம் தேதி காலை 10:10க்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். பிளான்ட் மேனேஜரின் ஒப்புதல் போர்ட்டலிலிருந்து 05:05Z என்று இறங்கியது. தாள் "வரிசை மாறியது" என்று சிவப்புக் காட்டியது. மேனேஜரிடம் போய் நின்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் அந்த Z கண்ணில் பட்டது. அது யூ.டி.சி. நேரம், ஐந்தரை மணி கூட்டினால் 10:35. வரிசை சரிதான்.

உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருந்தது, அதற்குத் தாள் வாயே திறக்கவில்லை. சரிபார்த்தவர் (தடாவிலிருந்து வருகிற அண்ணன்) 10ஆம் தேதியே போட்டுவிட்டார். ஆனால் அவர் போட்டது ரிவிஷன் 3இல். 11ஆம் தேதி நாலாம் பக்கத்தில் அளவு மாறி ரிவிஷன் 4 ஆனது. பெயர் இருக்கிறது, தேதியும் வரிசையில் இருக்கிறது. இந்த ரிவிஷனுக்குக் கையெழுத்துதான் இல்லை.

அன்றைக்கே D பத்தியில் ரிவிஷனைச் சேர்த்தேன். தேதி E பத்தியில், நடப்பு ரிவிஷன் H1இல்:

```
=IF(E3="","கையெழுத்து இல்லை",IF(D3<>$H$1,"பழைய ரிவிஷன்",IF(E3<MAX(E$2:E2),"வரிசை மாறியது","சரி")))
```

மேல் வரிசையோடு மட்டும் ஒப்பிடாமல் MAX போட்டதற்குக் காரணம் உண்டு. மேல் கட்டம் காலியாக இருந்தால் அது பூஜ்ஜியமாகி, வரிசை மாறினாலும் தெரியாது. ஒரு குறை இன்னும் இருக்கிறது: நாள், மாதம், வருடம் மூன்றுக்கும் நடுவே புள்ளி வைத்து அடித்த தேதி சில கணினிகளில் வெறும் எழுத்தாகவே நின்றுவிடும், அதைச் சூத்திரம் "சரி" என்று விட்டுவிடும். கட்டத்தில் அது இடது ஓரம் ஒட்டி நிற்கும். நிஜத் தேதி வலது ஓரம். கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

அண்ணன் பழைய தேதி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று 16ஆம் தேதியே போடச் சொன்னேன். உடனே கீழே இரண்டு வரிசையும் சிவப்பானது, நியாயமாகவே. கியூ.ஏ. முனகிக்கொண்டே பேனாவை எடுத்தார்: "ஒரு அளவு மாத்தினதுக்கு மூணு பேரும் மறுபடியுமாப்பா?"