"வெற்றி, 0 வரிகள்": இரவு அறிக்கைக்கு இரண்டு சொல் போதுமா, மூன்றா, ஐந்தா?

நான் வேலை செய்யும் மொத்த வியாபாரக் கடைக்கு வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஆறு கிளைகள். ஒவ்வொரு கிளையும் இரவில் அன்றைய விற்பனைக் கோப்பை அனுப்பும். பத்தரை மணிக்கு ஒரு நிரல் ஓடி அவற்றைத் தலைமைக் கந்தோரின் தரவுத்தளத்தில் சேர்க்கும். காலையில் கணக்குப் பார்க்கும் அண்ணனுக்கு அந்த ஓட்டத்தின் அறிக்கை போகும். ஒருநாள் அவர் கேட்டார்: "தம்பி, வாழைச்சேனையில மூண்டு நாளா ஒண்டும் விக்கல்லையா?" அறிக்கையில் மூன்று நாளும் "வெற்றி, 0 வரிகள்" என்றே இருந்தது. விற்பனை நன்றாகத்தான் நடந்திருந்தது, கோப்புத்தான் வரவில்லை. கோப்பு இல்லாவிட்டால் நிரல் சேர்க்க எதுவுமின்றிப் பிழையும் இன்றி முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு மூன்று முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே இரவை, ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொண்டோம். அன்று மட்டக்களப்பில் 212 வரிகளும் களுவாஞ்சிக்குடியில் 88 வரிகளும் முழுதாக ஏறின. கல்முனையின் 140 வரிகளில் 9 வரிகளுக்குப் பொருள் எண் இல்லை, மீதி 131 ஏறின. காத்தான்குடிக் கடை அன்று பூட்டு. அக்கரைப்பற்றுக் கோப்பு இன்னும் வந்துகொண்டிருந்தது. வாழைச்சேனைக் கோப்பு வரவே இல்லை.

முதல் முறை, வெற்றி அல்லது தோல்வி. யுனிக்ஸ் கட்டளைகளின் பழக்கம் இதுதான்: வெளியேறும் எண் 0 என்றால் நல்லது, வேறு எதுவானாலும் கெட்டது. அந்த வெள்ளிக்கிழமைக்கு இது "வெற்றி, 431 வரிகள்" என்று ஒரே வரி எழுதும். கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் "தோல்வி" என்று எழுதும். அப்படி எழுதினால் காத்தான்குடி பூட்டியிருக்கும் ஒவ்வொரு வெள்ளியும் தோல்வி வரும், இரண்டு மாதத்தில் அந்தச் சொல்லை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாவது முறை நடுவில் "எச்சரிக்கை"யைச் சேர்ப்பது. பலரும் இங்கேதான் நிற்கிறார்கள், எனக்கு இது துளியும் பிடிக்கவில்லை. நம் வெள்ளிக்கிழமைக்கு இது "எச்சரிக்கை: 4" என்று சொல்லும். அதில் ஒன்று கடை பூட்டு, ஒன்று பொறுத்துப் பார்க்க வேண்டியது, ஒன்று கையால் திருத்த வேண்டியது, ஒன்று உடனே போன் எடுக்க வேண்டியது. அண்ணன் செய்ய வேண்டிய வேலை நான்கிலும் நான்கு விதம், அறிக்கையிலோ ஒரே சொல்.

மூன்றாவது முறைதான் ஐந்து சொற்கள். அவற்றைத் தமிழில் வைக்கப் போனபோதுதான் எங்கெல்லாம் குழப்பம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. முதலில் "முடிந்தது" என்று வைத்தேன். பாதியில் விழுந்த ஓட்டத்தையும் "அது முடிஞ்சுது" என்றுதான் பேச்சில் சொல்கிறோம், அதனால் "சரி" என்று மாற்றினேன். "வேலை இல்லை" என்று எழுதியதை அண்ணன் "வேலை செய்யவில்லை" என்று படித்துவிட்டுப் பதறினார். அது "புதிதாக ஒன்றும் இல்லை" ஆனது. "விடுபட்டது" என்றால் கவனக்குறைவாகத் தவறவிட்டது, "தவிர்த்தது" என்றால் தெரிந்தே தள்ளிவைத்தது. நிரல் செய்வது இரண்டாவதை. மீதி இரண்டும், அரைகுறையும் தோல்வியும், யாருக்கும் விளக்கம் தேவைப்படாத சொற்கள்.

```
மட்டக்களப்பு | சரி | 212/212
களுவாஞ்சிக்குடி | சரி | 88/88
கல்முனை | அரைகுறை | 131/140 | பொருள் எண் இல்லை: 9
காத்தான்குடி | புதிதாக ஒன்றும் இல்லை | 0/0
அக்கரைப்பற்று | தவிர்த்தது | - | .part இன்னும் உள்ளது
வாழைச்சேனை | தோல்வி | - | கோப்பு வரவில்லை
```

இதில் எல்லாவற்றையும்விடக் கவனமாகக் கையாள வேண்டியது "புதிதாக ஒன்றும் இல்லை". போய்ப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லை என்று உறுதியானால் மட்டுமே நிரல் இதை எழுதலாம். கோப்பு இல்லாததை விற்பனை இல்லாததாக எடுத்துக்கொண்டதுதான் வாழைச்சேனையில் நடந்த பிழை. ஆகவே பூட்டியிருக்கும் நாளிலும் கிளை ஒரு கோப்பை அனுப்ப வேண்டும் என்று வைத்தோம்: தலைப்பு வரி ஒன்று, கடைசியில் மொத்தம் 0 என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியைப் படித்தால்தான் 0/0. கோப்பே இல்லையென்றால் அது தோல்வி. கடை பூட்டு என்று எல்லாருக்கும் தெரிந்தாலும் தோல்விதான். இதில் ஒரு சிரமம் உண்டு. பூட்டிய கடையில் கணினியை யார் போடுவது? முதல்நாள் இரவே மறுநாளுக்கான வெற்றுக் கோப்பையும் கிளையில் இருப்பவர் அனுப்பிவிடுகிறார்.

"தவிர்த்தது" அதற்கு நேர்மாறு. அங்கே வேலை இருக்கிறது, நிரல்தான் இப்போது தொடவில்லை. கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது அதன் பெயர் `.part` என்று முடியும், முழுதாக வந்ததும் பெயர் மாறும். `.part` கண்டால் நிரல் ஒதுங்கிப் போய், காலை ஐந்து மணி ஓட்டத்துக்கு விட்டுவிடும். காரணம் எழுதாத "தவிர்த்தது" எங்களிடம் செல்லாது. ஐந்து மணிக்கும் அதே காரணம் வந்தால் அது தோல்வியாக மாறும். இந்த எல்லையை வைக்காவிட்டால், அறுந்துபோன ஒரு `.part` கிழமைக்கணக்கில் தவிர்த்துக்கொண்டே கிடக்கும்.

"அரைகுறை"க்கு இரண்டு எண்கள் இல்லாமல் பயனில்லை. 131/140 என்று இருந்தால்தான் கல்முனையின் 9 வரிகளைத் தேடப் போக முடியும். அந்த 9 வரிகளும் தனி அட்டவணையில் காத்திருக்கும். பொருள் எண்ணைத் திருத்திய பிறகு அவற்றை மட்டும் ஏற்றலாம். முழுக் கோப்பையும் திரும்ப ஓட்டினால் 131 விற்பனைகள் இரட்டிப்பாகும் அபாயம் இருந்ததால், பற்றுச்சீட்டு எண்ணைத் தனித்த சாவியாக வைத்தோம்.

வேறு கருவிகள் இதை எப்படிச் சமாளித்தன என்றும் பார்த்தேன். `rsync` பிழையால் சில கோப்புகள் மட்டும் போனால் 23 என்ற எண்ணைத் தரும், அனுப்பத் தொடங்குமுன் மூலக் கோப்புகள் மறைந்திருந்தால் 24. விண்டோஸின் `robocopy` இன்னும் ஒரு படி மேலே போய், பிழையில்லாமல் எதையும் நகல் எடுக்கவில்லை என்றால் 0, எடுத்திருந்தால் 1 என்று பிரிக்கிறது. 8 முதல்தான் தோல்வி. ஆனால் 0 மட்டும்தான் நல்லது என்று பழகியவர் அந்த 1-ஐப் பார்த்துத் தோல்வி என்று நினைத்துவிடுவார். எண்ணை மட்டும் வைத்து ஐந்து பொருளைச் சொல்லப் போனால் இப்படித்தான் சிக்கல். அதனால் எங்கள் நிரல் நிலையைச் சொல்லாகப் பதிவில் எழுதுகிறது, வெளியேறும் எண்ணில் "கவனிக்க வேண்டுமா" என்பதை மட்டும் சொல்கிறது. சரி, ஒன்றும் இல்லை, தவிர்த்தது மூன்றுக்கும் 0. அரைகுறைக்கும் தோல்விக்கும் 1.

ஆறு கிளைகளையும் சேர்த்து மேலே ஒரு வரி போடுவதில் மட்டும் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. எல்லாம் தோற்றால் தோல்வி. ஒரு கிளை தோற்று மற்றதில் ஏதாவது ஏறினாலும், ஒரு கிளை அரைகுறையானாலும் மொத்தமும் அரைகுறை. ஆறும் 0/0 என்றால் மட்டும் "புதிதாக ஒன்றும் இல்லை". தவிர்த்தது மொத்தத்தைக் கீழே இழுக்காது, ஆனால் "சரி, தவிர்த்தது 1" என்று பக்கத்திலேயே தெரியும். அண்ணன் அதையும் அரைகுறை ஆக்கச் சொன்னார். அப்படிச் செய்தால் இணையம் மெதுவாக இருக்கும் இரவெல்லாம் அரைகுறை ஆகிவிடும் என்று நான் விடவில்லை.

ஐந்து சொற்களாலும் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது: நிரல் ஓடவே இல்லை என்பது. கரண்ட் போய்க் கணினி நின்றுவிட்டால் தோல்வி என்று எழுதவும் ஆள் இல்லை. அதற்காகக் கல்முனைக் கிளையில் உள்ள வேறொரு கணினி காலை ஆறு மணிக்குத் தலைமைக் கந்தோரின் பதிவைத் திறந்து பார்க்கிறது. முந்தைய இரவின் ஓட்டத்துக்கு வரி இல்லையென்றாலும், பதிவைத் திறக்கவே முடியாவிட்டாலும், அண்ணனின் போனுக்கு "அறிக்கை வரவில்லை" என்று மெசேஜ் போகும்.