கொட்டேஷனில் கேபிளுக்கு ஒரே ஒரு வரி: லாசுப்பேட்டை மொட்டை மாடியில் இரண்டு கோடை

புதுச்சேரி லாசுப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் ஏறியது 2024 மே மாதம். இரண்டு கோடை, ஒரு ஃபெஞ்சல் புயல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பேனல் எந்த பிராண்டு, எவ்வளவு மிச்சம் என்று கேட்பவர்கள் நிறைய. கையெழுத்துப் போடுவதற்கு முன் கொட்டேஷனிலும், தெருக் கம்பியிலிருந்து நாம் எடுப்பதையும் அதற்குக் கொடுப்பதையும் கணக்கிடும் நெட் மீட்டருக்கான ஒப்பந்தத்திலும் எந்த வரியில் விரலை வைத்து நிறுத்திப் படிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நானும் அன்று படிக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொட்டேஷன் மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 1,17,000 ரூபாய். அது மானியம் கழித்த தொகை. நான் உண்மையில் கட்டியது 1,95,000. பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் மானியம் 78,000 ரூபாய், வேலை முடிந்து நெட் மீட்டர் மாட்டிய பிறகுதான் நம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுப் பணத்துக்கும் நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பதாரர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவரும் அவரே. எங்கள் இணைப்பு காலமான அப்பா பெயரிலேயே இருந்தது. முதலில் பெயர் மாற்றி முடிக்கவே சில வாரம் ஓடிவிட்டது. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் கொட்டேஷன் கேட்பதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கொட்டேஷனில் '3 கிலோவாட்' என்று ஒரு இடத்தில் இருந்தால் போதாது. பேனல்களின் கூட்டுத்திறன் ஒன்று, பேனல் கரன்டை வீட்டுக் கரன்டாக மாற்றும் இன்வெர்ட்டரின் திறன் இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம். என்னுடையது 540 வாட் பேனல் ஆறு, ஆக 3.24 கிலோவாட். இன்வெர்ட்டர் 3 கிலோவாட். அதனால் முழு 78,000 கிடைத்தது. எனக்கு வந்த இன்னொரு கொட்டேஷனில் இதே ஆறு பேனலுக்கு 2.5 கிலோவாட் இன்வெர்ட்டர் போட்டிருந்தார்கள். விலை கொஞ்சம் குறைவு. ஆனால் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, அடுத்த அரை கிலோவாட்டுக்கு 9,000 என்று மானியம் 69,000-ல் நின்றுவிடும். அந்தத் தாளின் அடியிலும் 78,000-தான் கழித்திருந்தார்கள். அதோடு, மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். அதைத்தான் டி.சி.ஆர். பேனல் என்கிறார்கள். கொட்டேஷனில் அந்த மூன்று எழுத்து இருக்கிறதா பாருங்கள், பேனல் வந்து இறங்கும்போது சீரியல் எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இது வரைக்கும் எனக்கு எல்லாம் சரியாகவே போனது. கோட்டை விட்டது இரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரு வரியில்:

'ஏசி கேபிள் 4 சதுர மி.மீ., 15 மீட்டர் வரை.'

இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் பெட்டிக்குக் கரன்ட் போகும் கேபிள் இது. அதில் செம்பா அலுமினியமா என்று இல்லை. 15 மீட்டர் எங்கிருந்து எங்கே என்றும் இல்லை. எங்கள் வீடு இரண்டு மாடி. இன்வெர்ட்டரை மொட்டை மாடிப் படிக்கட்டு அறையில் மாட்டினார்கள். மீட்டர் பெட்டி கீழே, கேட் பக்கத்துச் சுவரில். சன்ஷேடு ஓரமாக வளைத்து இறக்கியபோது கேபிள் 32 மீட்டர் போனது. கூடுதல் 17 மீட்டருக்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை.

முதல் மாதத்திலேயே ஏதோ இடித்தது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்பது சாதாரணக் கணக்கு. 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட் வர வேண்டும். எனக்கு 9, சில நாள் 10. இரண்டு வீடு தள்ளி இருப்பவருக்கும் இதே அளவு பேனல், இதே திசை. அவருக்கு 12-க்குக் குறையவில்லை. பேனலைக் கழுவினேன், ஒன்றும் மாறவில்லை. அப்புறம்தான் இன்வெர்ட்டர் ஆப்பில் நாள் முழுவதற்குமான வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். காலையிலிருந்து குன்று போல அழகாக ஏறும் கோடு, பதினொன்றரை மணி தாண்டியதும் ரம்பப் பல் மாதிரி விழுந்து விழுந்து எழுந்தது. நல்ல வெயில் நேரத்தில்தான் விழுகிறது. இன்வெர்ட்டர் திரையில் `Grid Over Voltage` என்று வந்தது, அதாவது கிரிட் எனும் தெருக் கம்பிப் பக்கம் வோல்டேஜ் அதிகம்.

விஷயம் இதுதான். இன்வெர்ட்டர் கரன்டைத் தெருக் கம்பிக்குத் தள்ள வேண்டுமென்றால், தெருவில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜில் தள்ள வேண்டும். நடுவில் இருக்கும் கேபிள் எவ்வளவு மெலிசாகவும் நீளமாகவும் இருக்கிறதோ, அவ்வளவு கூடுதலாக ஏற்ற வேண்டும். 230 வோல்ட்டுக்குப் பத்து சதவீதம் மேலே போனால் 253. என் இன்வெர்ட்டரில் அதுதான் மேல் வரம்பு. தாண்டினால் தானே நின்றுவிடும், சில நிமிடம் காத்திருந்து மறுபடி தொடங்கும்.

எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி ஒரு மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்தான். மீட்டர் பெட்டியில் ஒரு மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு என்னை மேலே இன்னொன்றோடு அனுப்பினான். போனில் பேசிக்கொண்டே இருவரும் ஒரே நேரத்தில் படித்தோம். கீழே 247, மேலே 253. "அண்ணே, ஆறு வோல்ட்டு உங்க கேபிள்லயே போவுது. இது அலுமினியம்ணே" என்றான்.

கணக்குப் போட்டாலும் அதே விடைதான். 3 கிலோவாட் என்றால் சுமார் 13 ஆம்பியர். 32 மீட்டர் கேபிள் என்பது போக வர 64 மீட்டர். 4 சதுர மி.மீ. அலுமினியத்தில் அந்த நீளத்துக்குச் சுமார் அரை ஓம் மின்தடை. 13-ஐ அரையால் பெருக்கினால் ஆறு, ஆறரை வோல்ட். 15 மீட்டரில் நின்றிருந்தால் மூன்று வோல்ட்தான் ஆகியிருக்கும், நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

மாட்டிய நிறுவனத்திலிருந்து வந்த பையன் இன்வெர்ட்டர் செட்டிங்கில் மேல் வரம்பை உயர்த்திவிடலாம் என்றான். எங்கள் எலக்ட்ரீஷியன் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வரம்பு கிரிட் பாதுகாப்புக்காக வைத்தது, நம் வசதிக்குத் தள்ளி வைப்பதல்ல. கேபிளை மாற்றித் தரச் சொன்னேன். கொட்டேஷனில் செம்பு என்று போடவில்லையே சார் என்றார்கள். உண்மைதான், போடவில்லை. என் கைக்காசில் 10 சதுர மி.மீ. செம்புக் கேபிள் வாங்கி மாற்றினேன். இப்போது கேபிளில் ஏறுவது ஒன்றரை வோல்ட். ரம்பப் பல் போய்விட்டது. அடுத்த மாதமே நாளுக்கு 12 யூனிட் தொட்டது.

இனி ஒப்பந்தம். அதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நெட் மீட்டர் நம் உற்பத்தியைக் காட்டாது என்பது. பகலில் ஃப்ரிட்ஜும் மின்விசிறியும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சி வெளியே போவது மட்டுமே ஏற்றுமதிக் கணக்கில் வரும். என் ஒரு மாதக் கணக்கைப் பாருங்கள். இன்வெர்ட்டர் காட்டிய உற்பத்தி 372 யூனிட். மீட்டரில் ஏற்றுமதி 236. அப்படியென்றால் 136 யூனிட்டைப் பகலில் நாங்களே செலவழித்திருக்கிறோம். இரவில் ஏசி ஓடியதில் இறக்குமதி 260. பில்லில் வந்தது 260-ல் 236 போக 24 யூனிட். '372 உற்பத்தி பண்ணினோம், 236-தான் கணக்கில் காட்டுகிறார்கள்' என்று என் மனைவி முதல் பில்லைப் பார்த்துப் பதறிவிட்டாள். யாரும் எதையும் எடுக்கவில்லை, 136 வீட்டுக்குள்ளேயே எரிந்தது.

இதே கணக்கை வைத்துக் கொட்டேஷனில் இருந்த 'மாதச் சேமிப்பு' வரியையும் சரிபார்த்தேன். அவர்கள் மொத்த யூனிட்டையும் மிக உயர்ந்த விலைப்படியால் பெருக்கியிருந்தார்கள். புதுச்சேரியில் வீட்டு மின்சாரத்துக்கு நூறு நூறு யூனிட்டாகப் படி ஏறும், 300-க்கு மேல் கடைசிப் படி. அந்த மாதம் எங்கள் மொத்தச் செலவு 396 யூனிட். சோலார் இல்லையென்றால் கடைசிப் படியில் விழுந்திருப்பது வெறும் 96. அடுத்த இரண்டு படிகளில் நூறு நூறு, மீதி 76 மிக மலிவான முதல் படியில். சேமிப்பு உண்மைதான், ஆனால் அவர்கள் எழுதிய தொகை வராது. யூனிட் எவ்வளவு குறைந்தாலும் நிலைக்கட்டணம் வந்துகொண்டேதான் இருக்கும், அதையும் அந்த வரியில் விட்டுவிட்டிருந்தார்கள்.

ஏற்றுமதி அதிகமான மாதத்தில் மிச்ச யூனிட் அடுத்த மாதத்துக்குப் போகும். இந்தக் கணக்கு ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மார்ச் முடிவில் மிஞ்சியதற்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலையில் பணம். நாம் வாங்கும் படி விலையில் அல்ல. ஏப்ரலில் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் சேர்த்த யூனிட்டை மே மாத ஏசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன், அது நடக்காது. இதனால்தான் 5 கிலோவாட் போடச் சொன்னவரிடம் வேண்டாம் என்றது சரியென்று இப்போது தோன்றுகிறது.

இன்னொரு விதி, கிரிட்டில் கரன்ட் போனால் நம் சோலாரும் நின்றுவிட வேண்டும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் மேல் நம் கரன்ட் பாயக்கூடாதே. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் நம் ஊர்ப் பக்கம் கரையைக் கடந்த பிறகு கரன்ட் இல்லாமல் கிடந்தபோது, வெயில் வந்தும் எங்கள் வீட்டில் ஒரு விளக்கு எரியவில்லை. பேட்டரி இல்லாத சோலார் இப்படித்தான். பேனல் ஒன்றும் அசையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாங்கு சட்டத்துக்குத் துத்தநாகப் பூச்சு 80 மைக்ரான் என்று கொட்டேஷனில் எழுதி வாங்கியிருந்தேன், உப்புக் காற்றிலும் இதுவரை துரு இல்லை.

போன மாதம் முத்தியால்பேட்டையிலிருந்து மச்சான் தன் கொட்டேஷனைக் கொண்டுவந்தார். அதிலும் அதே வரி, '15 மீட்டர் வரை'. அவர் வீட்டு மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை கேபிள் இறங்கப்போகும் வழியிலேயே டேப்பைப் பிடித்து அளந்தோம். 27 மீட்டர் வந்தது. அந்த வரியை அடித்து, 'மாடி இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் பெட்டி வரை 27 மீட்டர், 10 சதுர மி.மீ. செம்பு, கூடுதல் கட்டணம் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். இரண்டு நாளில் அப்படியே அச்சடித்து, முத்திரை வைத்து வந்துவிட்டது.