கண்டாங்கிச் சேலைப் படத்துக்கு எந்த வரி?

பொங்கலுக்கு அப்பத்தாவின் கண்டாங்கிச் சேலையைக் கட்டிப் படம் எடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். கடுகு மஞ்சள், அரக்குக் கட்டம், அகலமான கரை. அதன் கீழே என்ன எழுதலாம்?

முதலில் மனதில் வருவது "பாரம்பரியமே நம் பெருமை". பிழையில்லாத வரிதான். ஆனால் பட்டு வேட்டிக்கும் இதே வரி, பாவாடை தாவணிக்கும் இதே வரி. படத்தில் இருக்கும் சேலையைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை.

"பொங்கல் வைப், ஃபுல் ஆன்" என்பது அடுத்தது. துள்ளலாக இருக்கிறது. நண்பர்களோடு சேர்ந்து எடுத்த படத்துக்குப் போடலாம். அப்பத்தாவின் சேலைக்கு எனக்கு மனம் வரவில்லை. வீட்டுப் பெரியவர்கள் படித்தால் அவர்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

"தை பிறந்தால் வழி பிறக்கும்" என்று பழமொழியை அப்படியே போடுவது மூன்றாவது வழி. மரபும் உண்டு, பண்டிகையும் உண்டு. எழுதியவர் மட்டும் அதில் இல்லை.

நான் தேர்ந்தெடுப்பது இதை:

"அப்பத்தா பின்கொசுவம் வச்சுக் கட்டுவாக. எனக்கு முன்கொசுவம்தான் வருது. தை பிறந்தாச்சு, கத்துக்கணும்."

செட்டிநாட்டில் அந்தக் காலத்துப் பெண்கள் கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்து, கணுக்கால் தெரியக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுவார்கள். வேலை செய்ய வசதியான கட்டு அது. இன்று அதே சேலையைப் பெரும்பாலும் முன்கொசுவம் வைத்துத்தான் கட்டுகிறோம். இரண்டு தலைமுறைக்கு நடுவில் மாறியது என்ன என்பதை அந்தக் கொசுவமே சொல்லிவிடுகிறது. 'மரபு', 'நவீனம்' என்று தனியாக எழுத வேண்டியதில்லை. பழமொழியும் பாதியில் வந்து நம் பேச்சாக மாறிவிடுகிறது. "கட்டுவாக" என்பது காரைக்குடிப் பக்கத்து மரியாதைப் பேச்சு. உங்கள் வீட்டில் "கட்டுவாங்க" என்றால் அதையே எழுதுங்கள். இரவல் வட்டார வழக்கு ஒரே வரியில் தெரிந்துவிடும்.

இந்த வகை வரியிலும் சறுக்கலாம். கட்டம் போட்ட எல்லாப் பருத்திச் சேலையும் கண்டாங்கி ஆகாது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெசவாளர்கள் அந்தப் பெயரைக் காத்து வருகிறார்கள். விசைத்தறிச் சேலைக்கு அந்தப் பெயரைப் போட்டால் அவர்கள் உழைப்பை மறைப்பதாகிவிடும். உறுதியாகத் தெரியாவிட்டால் "அப்பத்தாவோட கட்டம் போட்ட சேலை" என்றே எழுதலாம், அதில் அழகு குறையாது. அப்புறம், "நூறு வருஷச் சேலை" என்று வயதைக் கூட்டி எழுத வேண்டாம். எப்போது வாங்கியது என்று வீட்டில் கேட்டால், பல நேரம் அந்தப் பதிலே இன்னும் நல்ல வரியாக அமையும்: "அப்பா பொறந்த வருஷம் எடுத்த சேலை. இந்தப் பொங்கலுக்கு என் முறை."