இரவில் திறந்து பகலில் சாத்தி: தருமபுரி வீட்டில் சில கோடைகள்

தருமபுரியில் எங்கள் வீடு ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் சிவப்பு ஆக்சைடு தரையுமாகப் பழைய பாணியில் கட்டியது. கீழ்த்தளத்தில் நாங்கள் புழங்குகிறோம், மேலே இரண்டு அறைகள். ஏசி இல்லை. மின்வெட்டு வந்தால் மின்விசிறியும் இல்லை. சில கோடைகளாக, இருட்டிய பிறகு ஜன்னல்களைத் திறப்பதும் காலையில் எல்லாவற்றையும் சாத்துவதுமாகவே சமாளித்து வருகிறோம்.

இரவுக் குளிர்காற்றைப் பிடித்து வீட்டுக்குள் அடைத்து வைப்பதுதான் இந்த முறை என்று பலர் நினைக்கிறார்கள். குளிர வேண்டியது காற்று அல்ல, சுவரும் தரையும். காற்று சில நிமிடங்களில் மாறிவிடும். செங்கல் பகலெல்லாம் வாங்கிய சூட்டை விடுவதற்கு இரவு முழுவதும் வேண்டும். எட்டு மணிக்குத் திறந்துவிட்டு, திருடனுக்கும் கொசுவுக்கும் பயந்து பத்தரைக்குச் சாத்தினால், அரை மணி நேரத்தில் அறை மறுபடி காந்தத் தொடங்கும். அது சுவரிலிருந்து வருகிற சூடு. விடியற்காலையில் புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: சில்லென்று இருந்தால் அன்றைய பகலுக்குக் கவலையில்லை, இளஞ்சூடாக இருந்தால் இரவு காற்று போதவில்லை என்று பொருள்.

எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்பதற்குக் கடிகாரத்தை நம்புவதில்லை. கூடத்தில் ஒரு வெப்பமானி, வடக்குச் சுவருக்கு வெளியே வெயில் படாத இடத்தில் இன்னொன்று. வெளி வெப்பம் உள் வெப்பத்தைவிடக் குறைந்தால் திறப்பு, கூடினால் அடைப்பு. ஏப்ரலில் ஒரு நல்ல நாள் ஏறக்குறைய இப்படிப் போகும். விடியலில் வெளியே 25 டிகிரி, உள்ளே 27. ஏழரை மணி வாக்கில் இரண்டும் சமமாகும்போது ஜன்னல்களைச் சாத்திவிடுவோம். மூன்று மணிக்கு வெளியே 37 இருக்கும், கூடத்தில் 31 அல்லது 32. மாலை ஐந்திலிருந்து ஏழரை வரைதான் சோதனை: வீடு தன் குளிர்ச்சியைத் தீர்த்திருக்கும், வெளியிலும் அனல் அடங்கியிருக்காது. பொறுமையிழந்து ஆறு மணிக்கே திறந்தால் வெக்கைதான் உள்ளே வரும்.

வெறுமனே திறந்தால் போதாது, காற்றுக்கு வழியும் வேண்டும். கீழ்த்தள ஜன்னல்களோடு மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டின் உச்சிக் கதவையும் திறக்கிறோம். சூடான காற்று படிக்கட்டு வழியே மேலேறி வெளியேற, கீழிருந்து புதுக்காற்று தானாக உள்ளே வருகிறது. காற்றே அசையாத இரவிலும் படியில் ஊதுவத்தியைப் பிடித்தால் புகை மேல்நோக்கிச் சாய்வதைப் பார்க்கலாம். அந்தக் கதவில் கிரில் போட்ட பிறகுதான் நிம்மதியாகத் தூங்க முடிந்தது. கொசுவலை காற்றைக் கணிசமாகக் குறைக்கும், தூசி அடைத்தால் இன்னும் மோசம். அதனால் கோடை முழுவதும் வாரம் ஒரு முறை வலையைக் கழுவியாக வேண்டும்.

பகலில் வீடு இருட்டடைந்து கிடக்கும். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரைச்சீலை போட்டுப் பயனில்லை. கண்ணாடியைத் தாண்டிய வெயில் உள்ளேதான் தங்கும். வெளிப்புறம் மூங்கில் தட்டி கட்டியிருக்கிறோம். "காலையிலேயே வீட்டை அடைத்தால் லட்சுமி எப்படி வருவாள்?" என்று அம்மா கேட்டார். கோலம் போட்டு விளக்கேற்றும் வரை வாசல் கதவு திறந்திருக்கும் என்று ஒப்பந்தம் ஆயிற்று. சமையலை எட்டு மணிக்குள் முடிக்கப் பார்க்கிறோம். அடுப்பு எரியும்போது சமையலறை ஜன்னல் மட்டும் எந்நேரமானாலும் திறந்தே இருக்கும். அடைத்த அறையில் கேஸ் அடுப்பு எரிப்பது ஆபத்து. சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள கதவைச் சாத்திவிட்டால் சூடு பரவாது.

மேல்தளத்தில் இந்த முறை பாதிதான் பலிக்கிறது. நாளெல்லாம் வெயிலில் கிடந்த கான்கிரீட் கூரை நள்ளிரவு தாண்டியும் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த பிறகு ஓரளவு தாங்குகிறது. மாடி வீட்டில் இருப்பவர்கள் கூரையைக் கவனிக்காமல் ஜன்னலை மட்டும் திறந்து மூடிப் பயனில்லை. உள்கூரை போட்டுச் சுவரையெல்லாம் மரப்பலகையால் மூடிய வீடுகளிலும் பலன் குறைவு. குளிர்ச்சியைச் சேமித்து வைக்கும் பரப்பே அங்கு மறைந்துவிடுகிறது.

சென்னையில் இருக்கும் தங்கையிடம் இதைச் செய்யச் சொல்லவில்லை. மே மாதத்தில் அங்கே இரவு வெப்பம் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது, ஈரப்பதமும் அதிகம். கடற்காற்று பிற்பகலில் வீசத் தொடங்கும் வீட்டில் அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்தி வைப்பது வீண். எங்கள் ஊரிலும் கோடை மழை பெய்த மறுநாள் புழுக்கம் ஏறிவிட்டால் அடைத்த வீட்டில் மூச்சு முட்டும். அன்று ஒன்றிரண்டு டிகிரி கூடினாலும் பரவாயில்லை என்று திறந்து வைத்து, காற்றோட்டத்தில் உட்கார்ந்துவிடுவோம். ஜூனில் மேகமும் மேல்காற்றும் வந்த பின் இரண்டு வெப்பமானிகளும் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். அதோடு தட்டியை அவிழ்த்துச் சுருட்டிப் பரணில் போட்டுவிடுகிறோம்.