பன்னீர் எங்கே ரப்பராகிறது: ஃப்ரிட்ஜிலும் தோசைக்கல்லிலும் கவனித்தவை

200 கிராம் பாக்கெட்டைப் பிரித்து பாதியை சனிக்கிழமை கிரேவியில் போடுகிறோம். மீதியைத் திங்கட்கிழமை வறுக்கிறோம். சனிக்கிழமை பஞ்சு மாதிரி இருந்த அதே பன்னீர் திங்கட்கிழமை பல்லில் கீச் கீச்சென்று கத்துகிறது. பிராண்டைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு இடையிலிருந்த இரண்டு நாளிலும், வறுத்த ஐந்து நிமிடத்திலும் இருக்கும்.

பன்னீரின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 60 சதவீதம் வரை ஈரத்தை அனுமதிக்கிறது. பால் திரியும்போது புரதம் ஒரு வலையாகக் கட்டிக்கொள்ள, கொழுப்பும் தண்ணீரும் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்கின்றன. சூடு ஏற ஏற வலை இறுகித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும். சீஸ் போல இது உருகாது. அதனால் அதிகமாகச் சுட்டால் இளகுவதற்குப் பதில் இறுகத்தான் செய்யும்.

முதலில் சேமிப்பு. பிரித்த பாக்கெட்டை அப்படியே மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால், மறுநாளே ஓரங்கள் மஞ்சளாகி, தோல் கட்டியதுபோல் ஆகிவிடும். ஃப்ரிட்ஜின் காற்று ஈரத்தை இழுத்துவிடுகிறது. ஈரத்துணியில் சுற்றுவது ஒரு ராத்திரிக்குப் போதும். அதற்குமேல் துணியும் காய்ந்துவிடும். மூடியுள்ள டப்பாவில், பன்னீர் முழுசாக மூழ்கும் அளவு, கொதிக்கவைத்து ஆறிய குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைப்பதுதான் இதுவரை சரியாக வந்திருக்கிறது. அரை லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு போதும். வெறும் தண்ணீரில் கிடந்தால் சப்பென்று ஆகிவிடும். துண்டு போடாமல் கட்டியாகவே வையுங்கள். வெட்டுமுகம் கூடினால் சத்தும் சுவையும் அதிகமாகத் தண்ணீரில் கரையும்.

தண்ணீரைத் தினமும் மாற்றியே ஆகவேண்டும். கரைந்து வருகிற பால்சத்தில் கிருமி வளரும். மாற்றாத தண்ணீர் இரண்டாம் நாள் லேசாகக் கலங்கும். டப்பாவை ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடு ஏறுகிற இடம் அதுதான். பிரித்ததிலிருந்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். பாக்கெட்டில் அச்சிட்ட தேதி பிரிக்காத பாக்கெட்டுக்கு மட்டும். தொட்டால் வழவழப்பு, முகர்ந்தால் புளிப்பு என்றால் கழுவிப் பார்க்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பன்னீர் விரலால் அழுத்தினால் கல்லாக இருக்கும். அது காய்ந்துபோனதால் வந்த கெட்டி அல்ல. உள்ளேயிருக்கும் பால்கொழுப்பு குளிரில் உறைந்திருக்கிறது, வெண்ணெய் உறைவதுபோலத்தான். கை பொறுக்காத சூட்டிலுள்ள, ஆனால் கொதிக்காத தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் இளகிவிடும். உண்மையாகவே காய்ந்த பன்னீர் இப்படி முழுக்க இளகாது. ஓரம் மட்டும் கெட்டியாகவே நிற்கும், அந்த ஓரத்தைச் சீவி எடுத்துவிடலாம்.

ஃப்ரீசரைப் பற்றிச் சுருக்கமாக: துண்டு போட்டு, தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு கவரில் போட்டால் ஒரு மாதம் தாங்கும். ஆனால் பனித்துகள் புரத வலையைக் கிழித்துவிடும். இளகியபின் துளைதுளையாக, கொஞ்சம் உதிரும்படி இருக்கும். புர்ஜிக்கும் ஸ்டஃபிங்குக்கும் கவலையே இல்லை, கிரேவிக்கும் ஒப்பேற்றலாம். டிக்காவுக்கு எடுக்காதீர்கள்.

இனி அந்தத் திங்கட்கிழமைப் பாதி. 100 கிராமை இரண்டு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் சுமார் 12 துண்டு வரும். இதைவிடச் சின்னதாக வெட்டினால், வெளியே நிறம் பிடிப்பதற்குள் நடுவும் காய்ந்துவிடும். துண்டுகளைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, துணியில் ஒற்றி எடுங்கள். ஒற்றாவிட்டால் எண்ணெய் தெறிக்கும், துண்டும் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த ஈரத்துண்டுகள் கல்லின் சூட்டை இறக்கிவிடும். நிறம் வரத் தாமதமாகும், தாமதமான அத்தனை நேரமும் உள்ளேயிருந்து தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். ரப்பர் ஆவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். "மெதுவாக வறுத்தால் மெத்தென்று வரும்" என்று சிறு தீயில் வைப்பவர்களுக்கே அதிகம் ரப்பராவதற்குக் காரணமும் இதுதான்.

நான்ஸ்டிக் தவாவில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, நடுத்தரத் தீயில் நன்றாகக் காயவிடுங்கள். துண்டு விழுந்ததும் சொய்யென்று சத்தம் வர வேண்டும். சத்தமில்லாவிட்டால் எடுத்துவிட்டு இன்னும் அரை நிமிடம் காத்திருங்கள். போட்ட துண்டைக் கிளறாதீர்கள். 40 நொடி போல விட்டால் அடியில் ஒரு மெல்லிய தோல் கட்டி, துண்டு தானே கல்லை விட்டு நழுவும். அதற்கு முன் தோசைத்திருப்பியை நுழைத்தால் அந்தத் தோல் கல்லிலேயே தங்கிவிடும். இரும்புக் கல்லில் இது இன்னும் கறாராக நடக்கும்.

இரண்டு பக்கம் வெளிர்பொன் நிறம் வந்தால் போதும். ஆறு பக்கமும் சிவக்கவேண்டும் என்று புரட்டிக்கொண்டே இருந்தால் மொத்த நேரம் நான்கைந்து நிமிடமாகிவிடும். சத்தத்தைக் கேளுங்கள்: சொய்யென்ற ஒலி தணிய ஆரம்பித்தால் மேற்பரப்பில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதே எடுத்துவிட வேண்டும், பழுப்பு நிறத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

எடுத்ததும் தட்டில் கொட்டாமல், அரை டீஸ்பூன் உப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் நேராகப் போடுங்கள். கல்லின் சூடு உள்ளே வேகவைப்பது அங்கேயே நின்றுவிடும்; மேல்தோலும் தண்ணீரை இழுத்து இளகும். பத்து நிமிடம் கழித்து ஒரு துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசாக அழுத்திப் பாருங்கள். அமுங்கி மெதுவாக எழும்பினால் சரி. பந்துபோல் உடனே துள்ளினால் வறுவல் மிஞ்சிவிட்டது, எவ்வளவு ஊறவைத்தாலும் பாதிதான் மீளும். மொறுமொறுப்பாகவே தின்ன வேண்டுமென்றால் இந்த ஊறல் கூடாது. அதற்கு வறுத்ததைச் சூட்டோடு சாப்பிட்டுவிடுவதுதான் வழி, ஆறினால் இறுகிவிடும்.

கிரேவியில் பன்னீர் கடைசி. மசாலா எண்ணெய் பிரிந்து, தண்ணீர் விட்டுக் கொதித்து, கிரீம் சேர்த்தபின் பன்னீரைப் போட்டு இரண்டு நிமிடம், அடுப்பை அணைத்து மூடிவைத்து ஐந்து நிமிடம். தக்காளிக் கிரேவியில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால் இதுவரை செய்த அத்தனையும் வீண். மீதமானதை மறுநாள் சூடு பண்ணும்போது பன்னீரை ஒரு கரண்டியால் தனியே எடுத்துவைத்து, கிரேவியைக் கொதிக்கவைத்து, அதில் திரும்பப் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். மைக்ரோவேவில் மொத்தமாக வைப்பது கெடுத்துவிடும்.

இவ்வளவு செய்தும் கெட்டியாகவே வந்தால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். கொழுப்பு குறைந்த பன்னீரில் வலையை இளக்க வெண்ணெய்ச்சத்து போதாது, அது எந்தக் கல்லிலும் விறைக்கும். அதை வறுக்காமல் துருவிப் புர்ஜியாக்குவதே மேல்.