கோணல் சிரிப்பை இழுக்கலாம், மூடிய கண்ணை இழுக்க முடியாது: பல வருட லிக்விஃபை அனுபவம்

கல்யாண ஆல்பம் வேலையில் எனக்கு அதிகம் வந்து சேருவது இரண்டு கோரிக்கைகள்தான். "இவருக்கு வாய் ஒரு பக்கமா போகுது, கொஞ்சம் நேராக்குங்க." "இவங்க கண்ணு பாதி மூடியிருக்கு, திறந்து விடுங்க." இரண்டையும் பல வருடமாகப் போட்டோஷாப்பில் செய்கிறேன், வீட்டிலிருக்கும் பழைய லினக்ஸ் மெஷினில் அவ்வப்போது கிம்ப்பிலும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாயை இழுத்துச் சரி பண்ணலாம், கண்ணை மிகச் சின்ன அளவுக்கு மேல் இழுத்துச் சரி பண்ண முடியாது. போட்டோஷாப்பின் லிக்விஃபை மாதிரியான வார்ப் கருவிகள் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை, இருக்கும் பிக்சலைத் தள்ளி வைக்கின்றன, அவ்வளவுதான். கோணல் சிரிப்பில் உதடு, கன்னம் எல்லாம் படத்தில் இருக்கிறது, இடம்தான் முன்னே பின்னே. பாதி மூடிய கண்ணில் கருவிழியின் மேல்பகுதி படத்திலேயே இல்லை. இல்லாததை எங்கிருந்து இழுப்பது?

முதலில் சிரிப்பு. அது நிஜமாகவே கோணலா என்று பார்த்துவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும். தலை லேசாகத் திரும்பியிருந்தால் தூரத்துப் பக்க உதடு குட்டையாகத் தெரியும், அது கோணல் இல்லை. தலை சாய்ந்திருந்தால் வாயும் சாய்ந்துதான் இருக்கும், இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் வரும்படி படத்தைத் தற்காலிகமாகத் திருப்பிப் பார்த்தால் பாதிப் பேருக்கு வேலையே இருக்காது. மிச்சம் இருப்பவர்களில் சிலருக்குச் சிரிப்பே அப்படித்தான். அதே ஆளின் மற்ற படங்களிலும் இடது ஓரம் கீழேதான் இருக்கிறது என்றால் நான் கை வைப்பதில்லை, வீட்டுக்காரர்கள் குறிப்பாகக் கேட்டால் மட்டும்தான். பேசிக்கொண்டே இருக்கும்போது ஃப்ளாஷ் அடித்து, ஒரு ஃபிரேமில் மட்டும் வாய் ஒரு பக்கமாகப் போன ஆளுக்குத்தான் இந்த வேலை.

2016-ல் லிக்விஃபைக்குள் முகத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி வந்தபோது ரொம்ப எதிர்பார்த்தேன். Smile என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது, ஆனால் அது வாயின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத்தான் தூக்கும். கோணலாகச் சிரித்தவர் இன்னும் பெரிதாகக் கோணலாகச் சிரிப்பார்! லேயரை இரண்டாக்கி, ஒன்றில் ஸ்லைடரைத் தள்ளி, மாஸ்க் போட்டு ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அதுவும் நடக்கும்தான். ஆனால் உதட்டின் நடுவில் இணைப்பு உட்காராமல் படுத்தும். அதனால் இன்றைக்கும் கையால் தள்ளும் Forward Warp Tool-தான் எனக்குக் கை கொடுக்கிறது.

ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். மேடை குரூப் போட்டோ, 24 மெகாபிக்சல், மாப்பிள்ளையின் அப்பா முகம் சுமார் 400 பிக்சல் அகலம், நல்ல மீசை, நமக்கு வலது பக்கமாகத் தெரியும் வாய் ஓரம் கீழே இறங்கியிருக்கிறது. முழுப் படத்தையும் லிக்விஃபையில் திறந்தால் என் மெஷின் திணறும். அதனால் முகத்தைச் சுற்றிக் கொஞ்சம் தாராளமாக ஒரு கட்டம் போட்டு, Ctrl+J அடித்துத் தனி லேயராக்கி, அதை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். அப்போதுதான் நாளைக்கு "கொஞ்சம் குறைங்க" என்று போன் வந்தால் திரும்பத் திறந்து மாற்ற முடியும்.

உள்ளே போனதும் Freeze Mask Tool-ஆல் பல், மூக்கு, நன்றாக இருக்கும் மறுபக்க உதடு மூன்றையும் பூசிவிட வேண்டும். பல்லைப் பூசாமல் தள்ளினால் ஒரே ஒரு பல் மட்டும் நீண்டு நிற்கும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். பிரஷ் அளவு பெரிதாக, இந்த முகத்துக்கு 150 பிக்சலுக்குக் குறையாமல், Pressure 20 பக்கம். சின்ன பிரஷ்ஷை வைத்து ஓரத்தை மட்டும் கொக்கி போட்டுத் தூக்கினால் கோமாளி வாய்தான் வரும். தள்ளும் திசை ரொம்ப முக்கியம், நேர் மேலே இல்லை. சிரிக்கும்போது வாய் ஓரத்தை இழுக்கும் தசை கன்ன எலும்பிலிருந்து சாய்வாக இறங்கி வருகிறது, அதனால் ஓரத்தைக் காதின் மேல் நுனியை நோக்கிச் சாய்வாகத் தள்ள வேண்டும். அப்பாவுக்கு ஆறேழு பிக்சல் போதுமாக இருந்தது. ஆல்பத்தில் 300 டிபிஐ-யில் அதே அளவில் அச்சானால் அது அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தோடு நிறுத்தினால் உதடு மட்டும் மேலே போய், கன்னம் தூங்கிக்கொண்டு இருக்கும். மூக்குப் பக்கத்திலிருந்து வாய் ஓரம் வரை இறங்கும் அந்தச் சிரிப்புக் கோட்டை இரண்டு மூன்று பிக்சல் வெளியே தள்ளி, அப்புறம் பிரஷ்ஷை இரண்டு மடங்காக்கிக் கன்னத்தையும் ஒரு தட்டு மேலே தட்ட வேண்டும். மீசை இருப்பவர்களுக்கு அது ஒரு வசதி, ஓரம் மறைந்துவிடும். ஆனால் முடி இழுபட்டு நீண்டால் மீசை ஈரமான மாதிரி வழிந்து தெரியும். அங்கே மட்டும் குளோன் ஸ்டாம்பால் மறுபக்கத்து முடியில் கொஞ்சம் எடுத்து வைத்தேன்.

அளவு அதிகமாகிவிட்டது என்று தோன்றினால் பலரும் செய்வது, லேயரின் ஒப்பாசிட்டியைக் குறைப்பது. வார்ப்புக்கு அது ஆகவே ஆகாது. பழைய உதடும் புது உதடும் ஒன்றன்மேல் ஒன்று தெரிந்து ஓரம் இரட்டையாக மங்கும். லிக்விஃபைக்குள்ளேயே Reconstruct… பட்டனை அழுத்தி வரும் ஸ்லைடரில் 100-லிருந்து 60, 70-க்கு இறக்கினால் வார்ப் மட்டும் குறையும், படம் கூர்மையாகவே இருக்கும். நான் கோணலில் மூன்றில் ஒரு பங்கையாவது விட்டுவைப்பேன். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மட்டத்தில் நின்றால் ஆளே வேறு மாதிரி ஆகிவிடுகிறார். கடைசியில் Flip Canvas Horizontal போட்டு இடவலமாகத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம், பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோளாறு அப்போது பளிச்சென்று தெரியும்.

சரி, இனி கண். இமை கருவிழியின் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் மூடியிருப்பதுதான் இயல்பு, அதை முழுசாகத் திறந்தால் பயந்துபோன முகம் வரும். நான் பார்க்கும் எல்லை கருவிழிக்கு நடுவில் இருக்கும் கறுப்பு வட்டமான பாப்பாதான். இமை பாப்பாவைத் தொடாமல் இருந்தால் லிக்விஃபையிலேயே முடித்துவிடலாம். கண்களுக்கு நடுவில் இருக்கும் சங்கிலிக் குறியை எடுத்துவிட்டு, அந்த ஒரு கண்ணுக்கு மட்டும் Eye Height-ஐக் கொஞ்சம் ஏற்றினாலே போதும். நம் ஆட்களுக்குக் கருவிழி அடர்ந்த பழுப்பு என்பதால் அதற்குள் இருக்கும் நுண்கோடுகள் குரூப் போட்டோவில் தெரியாது, இரண்டு மூன்று பிக்சல் இழுபட்டாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வெளிர் நிறக் கண்ணில் இந்தச் சலுகை கிடையாது. ஆனால் Eye Size பக்கம் போகவே கூடாது, ஒரு கருவிழி மட்டும் பெரிதாகிவிடும். எல்லோருக்குமே கருவிழி ஏறக்குறைய 12 மில்லிமீட்டர்தான், நேராகப் பார்க்கும் முகத்தில் இரண்டும் ஒரே அளவாக இல்லாவிட்டால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலேயே உறுத்தும்.

பாப்பாவை இமை வெட்டியிருந்தால் வேறு ஃபிரேம்தான் வழி. மறுகண்ணைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றும் ஆட்கள் இருக்கிறார்கள். அதில் கண்ணில் விழுந்த ஃப்ளாஷ் புள்ளியும் சேர்ந்து திரும்பிவிடும், ஒரு கண்ணில் பத்து மணித் திசையில், இன்னொன்றில் இரண்டு மணித் திசையில். அவர் பக்கவாட்டில் பார்த்திருந்தால் மாறுகண்ணே வந்துவிடும்.

அதே படத்தில் சித்தி ஒருவர் கண் சொருகி நிற்கிறார். அடுத்த ஃபிரேமில் திறந்திருக்கிறது, ஆனால் தலை கொஞ்சம் திரும்பியிருக்கிறது. லாசோவால் புருவத்துக்குக் கீழேயிருந்து கண்ணுக்கடியில் இருக்கும் மடிப்பு வரை முழுக் குழியையும் எடுத்தேன், Feather 4 பிக்சல். கண்ணை மட்டும் இறுக்கமாக வெட்டினால் இமையின் நிழல் அங்கேயே தங்கிவிடும். ஒட்டியதும் ஒப்பாசிட்டியைப் பாதியாக்கி, Ctrl+T போட்டு, மூக்குப் பக்கத்துக் கண் ஓரத்தை முதலில் பொருத்தி, அதை மையமாக வைத்து இரண்டு டிகிரி திருப்பினேன். அப்புறம் அதிலேயே Warp-க்கு மாறி வெளி ஓரத்தை மட்டும் ஒரு துளி உள்ளே தள்ளினேன். ஒப்பாசிட்டியை மறுபடி முழுசாக்கி, மாஸ்க்கில் மென்மையான பிரஷ்ஷால், இணைப்பு புருவத்துக்கு அடி, கண்ணுக்கடி மடிப்பு ஆகிய இயற்கையான கோடுகளில் விழும்படி அழித்தேன். நடுக்கன்னத்தில் விழும் இணைப்பை எந்த பிரஷ்ஷும் காப்பாற்றாது. நிறம் ஒரு கர்வ்ஸ் லேயரில் சரியானது.

மிச்சமிருந்த விளிம்புக்குத்தான் பேட்ச். Patch Tool சாதாரண Normal நிலையில் வெற்று லேயரில் வேலை செய்யாது, அதனால் Ctrl+Alt+Shift+E அடித்து எல்லாவற்றையும் ஒரு புது லேயராகச் சேர்த்து அதன்மேல் சின்னச் சின்னத் துண்டாகப் போடுவேன். அதே கன்னத்தின் தோலிலிருந்துதான் எடுக்க வேண்டும், நெற்றித் தோலின் துளைகள் வேறு மாதிரி இருக்கும். இமை முடிக்குப் பக்கத்தில் பேட்ச் கருமையை இழுத்து அழுக்காக்கிவிடும், அங்கே குளோன் ஸ்டாம்ப்.

இதில் ரொம்ப நாளாக நான் பார்த்த தொல்லை வேறு. முகம் வாய்விட்டுச் சிரிக்கும், ஒட்டிய கண் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். நிஜச் சிரிப்பில் கீழிமை உப்பி மேலே ஏறும், ஓரத்தில் சுருக்கம் விழும். அதனால் கண்ணைக் கடன் வாங்கும் ஃபிரேமில் அவர் அதே அளவுக்குச் சிரித்திருக்கிறாரா என்றுதான் முதலில் தேடுவேன். இல்லையென்றால் கண்ணை விட்டுவிட்டு முழு முகத்தையும் மாற்றுவது சுலபம். சிரித்ததில் சுருங்கிய கண்ணைத் திறக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுவேன், அது மூடிய கண்ணே இல்லை.

இதெல்லாம் மாற்று ஃபிரேம் இருந்தால்தான். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தில் பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் என்ற இருவர், ஒருவர்கூடக் கண் மூடாத படம் கிடைக்க எத்தனை கிளிக் வேண்டும் என்றே கணக்குப் போட்டு, சிரிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசை 2006-ல் வாங்கினார்கள். 20 பேருக்குக் குறைவான குரூப்பில், நல்ல வெளிச்சமென்றால் தலைகளை மூன்றால் வகுத்து அத்தனை படம் எடு, மங்கலென்றால் இரண்டால் வகு என்பது அவர்கள் சொன்ன கணக்கு. மண்டப மேடையில் 12 பேருக்கு ஆறு கிளிக் என்றால் எங்கள் ஆட்கள் சிரிக்கிறார்கள், இரண்டு கிளிக்கோடு அடுத்த குடும்பத்தை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்.

கிம்ப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2.10-ல் W அழுத்தினால் வரும் Warp Transform சிரிப்பு வேலைக்குத் தாராளமாகப் போதும். அதில் Erase warping என்ற நிலை, தள்ளியதை ஒரு இடத்தில் மட்டும் பழையபடி கொண்டுவரும், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். ஆனால் என்டர் தட்டிய பிறகு திரும்பத் திறந்து திருத்த முடியாது, அதனால் லேயரை நகலெடுத்துவிட்டுத் தொடங்குங்கள். குரூப்பில் முகம் 150 பிக்சலுக்குக் கீழே போனால் எந்த மென்பொருளாக இருந்தாலும் நான் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் வந்த படமென்றால் ஒரிஜினல் கேட்டு வாங்கிவிட்டுத்தான் விலையே சொல்வேன்.